எண்ணெய் ஆலை விலை கூட்டிக் கேட்டால் பதில் மெயில் எழுதுவது எப்படி: கொப்பரைக் கணக்கோடு

மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் நேந்திரன் சிப்ஸ் போடுகிற சிறு யூனிட்டுகளுக்கு ஓணம் நெருங்கும் நேரத்தில் தவறாமல் வருகிற மெயில் ஒன்று உண்டு. "கொப்பரை ஏறிவிட்டது, 16-ம் தேதி முதல் தேங்காய் எண்ணெய் விலை கூடுகிறது" என்று காங்கேயம் ஆலையிலிருந்து வரும். அந்த வாரத்தில் அடுப்பை அணைக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். "முடியாது" என்றும் எழுத முடியாது, அப்படியே ஒத்துக்கொள்ளவும் முடியாது. நடுவில் நிற்கிற ஒரு பதிலை எழுதும் முறை கீழே இருக்கிறது. எண்கள் எல்லாம் கணக்கு புரிவதற்காகப் போட்டவை. உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய பில்லை எடுங்கள்

இப்போதைய எண்ணெய் விலை என்றைக்குப் பேசி முடிவானதோ, அந்த நாளின் கொப்பரை விலைதான் உங்கள் அடிப்படை. பெரும்பாலோர் வழுக்குவது இந்த இடத்தில்தான். ஆலைக்காரர் தன் மெயிலில் கொப்பரை மிகக் குறைவாக விற்ற நாளை எடுத்துக்கொண்டு "இவ்வளவு ஏறியிருக்கிறது" என்பார். நீங்கள் போன வாரத்து விலையை வைத்து "ஏறவே இல்லையே" என்பீர்கள். இரண்டுமே தப்பு. தேதியைப் பதில் மெயிலில் எழுதிவிட்டால் அந்த வாக்குவாதம் அங்கேயே முடியும்.

நம் உதாரணத்தில் விலை பேசிய அன்று கொப்பரை கிலோ 200 ரூபாய், எண்ணெய் கிலோ 330 (15 கிலோ டின் 4,950). இன்று கொப்பரை 220. ஆலை கேட்பது 370, அதாவது டின்னுக்கு 5,550. ஜிஎஸ்டி தனி.

கொப்பரையிலிருந்து எண்ணெய்க்கு வருகிற கணக்கு

நன்றாகக் காய்ந்த கொப்பரை 100 கிலோ ஆட்டினால் சுமார் 62 கிலோ எண்ணெய் வரும். அப்படியென்றால் ஒரு கிலோ எண்ணெய்க்கு 1.6 கிலோ கொப்பரை. ஆலைகள் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடும். ஆனால் அதே கொப்பரையிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்று மேல் புண்ணாக்கும் கிடைக்கிறது. கொப்பரை ஏறும்போது பல நேரம் புண்ணாக்கும் கூடவே ஏறும், அந்தப் பணம் ஆலைக்குத்தான் போகிறது. புண்ணாக்கு 30 ரூபாயிலிருந்து 34 ஆகியிருந்தால்:

```
(1.6 × 20) − (0.55 × 4) = 32 − 2.20 = 29.80
```

ஆக, கொப்பரையால் கூடிய செலவு கிலோவுக்கு ஏறத்தாழ 30 ரூபாய். கேட்பது 40. மீதி 10 ரூபாய் எதற்கு என்பதுதான் உங்கள் மெயிலின் கேள்வி.

"எங்களுக்கு 58 கிலோதான் விழுகிறது" என்று பதில் வரலாம். ஈரக் கொப்பரையில் அப்படி விழுவது உண்மைதான். அப்போதும் 1.72 கிலோவை வைத்துப் போட்டால் சுமார் 32 ரூபாய்தான் வரும். அதனால் அந்த வாதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், ஒத்துக்கொண்டு மேலே போகலாம்.

கொடுப்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது

வெறுமனே குறைத்துக் கேட்டால் பேரம். பதிலுக்கு ஒன்றைக் கொடுத்தால் சமரசம். சிறு யூனிட்டிடம் கொடுக்க இரண்டு இருக்கும். ஒன்று, சீக்கிரம் பணம் தருவது. 30 நாள் கடனை 7 நாளாக்கினால் 23 நாள் மிச்சம். ஆண்டுக்கு 12% வட்டி என்று வைத்தால் 350 ரூபாய் எண்ணெயில் அது கிலோவுக்குச் சுமார் 2.65 ரூபாய். இரண்டாவது, வாரம் 10 டின் என்று பிச்சுப் பிச்சு வாங்காமல் மாதம் இருமுறை 20 டின்னாக எடுப்பது. காங்கேயத்திலிருந்து வருகிற வண்டி வாடகையில் அது தெரியும்.

மெயில் அனுப்பும் முன்பே உங்கள் கடைசி எல்லையை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இங்கே 7 நாள் பணத்துக்கு 357, 30 நாள் கடனுக்கு 360. மெயிலில் முதலில் போடுவது 354. எல்லையை மெயிலில் எழுதவே கூடாது.

மெயில்

பொருள்: தேங்காய் எண்ணெய் விலை உயர்வு – எங்கள் பதிலும் மாற்று யோசனையும்

> வணக்கம் ஐயா,
>
> விலை உயர்வு பற்றிய உங்கள் மெயில் கிடைத்தது. கொப்பரை ஏறியிருப்பது எங்களுக்கும் தெரியும்.
>
> நாம் 330 ரூபாய் பேசிய அன்று கொப்பரை 200, இன்று 220. கிலோ எண்ணெய்க்கு 1.6 கிலோ கொப்பரை வைத்து, புண்ணாக்கு விலை உயர்வைக் கழித்தால் கூடுதல் செலவு சுமார் 30 ரூபாய் வருகிறது. நீங்கள் கேட்டிருப்பது 40. மீதி 10 ரூபாய்க்கான விவரம் தந்தால் பார்க்கிறோம்.
>
> எங்கள் யோசனை:
> 1. ஏற்கெனவே ஆர்டர் கொடுத்த 20 டின் பழைய விலையில்.
> 2. 16-ம் தேதி முதல் கிலோ 354 ரூபாய், டின் 5,310. பணம் 30 நாளுக்குப் பதில் 7 நாளில் தருகிறோம்.
> 3. மூன்று மாதத்துக்கு மாதம் 40 டின், 20 டின்னாக இரண்டு தடவை எடுக்கிறோம்.
> 4. அதன் பிறகு 1, 16 தேதிகளில் விலையைத் திருத்துவோம். முந்தைய 15 நாள் காங்கேயம் கொப்பரைச் சராசரி ஒரு ரூபாய் ஏறினால் எண்ணெய்க்கு 1.50 ஏற்றம், இறங்கினால் 1.50 இறக்கம். ஒரே தவணையில் 15 ரூபாய்க்கு மேல் மாறினால் போனில் பேசி முடிவு செய்வோம்.
> 5. ஒவ்வொரு லோடுக்கும் ஆய்வக அறிக்கை வேண்டும்.
>
> வெள்ளிக்கிழமைக்குள் பதில் தந்தால் அடுத்த லோடுக்கு ஆர்டர் போட வசதியாக இருக்கும்.
>
> நன்றி.

கணக்கைத் தனி எக்செல் ஃபைலாக இணைக்காதீர்கள். ஆலைக்காரர் மெயிலைப் போனில் பார்ப்பவர், இணைப்பைத் திறக்கவே மாட்டார். வாட்ஸாப் வாய்ஸ் மெசேஜில் விலை பேசுவதும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து "இறங்கினாலும்" என்று சொன்னோமா என்று தேடி எடுக்க முடியாது. போனில் பேசலாம், பேசி முடித்ததும் அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

இந்த மெயிலில் எனக்கு விலையைவிடப் பெரியது நான்காவது வரிதான். ஏறும்போது வருகிற மெயில், இறங்கும்போது தானாக வருவதில்லை.

சிலர் கேட்டதால் சேர்த்தது

"ஐந்தாவது எதற்கு, விலை பேசும்போது ஆய்வக அறிக்கையா?" ஆலையை அளவுக்கு மீறி நெருக்கினால் சில இடங்களில் பாமாயில் கலந்து வரும். தேங்காய் எண்ணெயின் அயோடின் மதிப்பு 7.5 முதல் 10 வரை இருக்க வேண்டும். பாமோலினுக்கு அது 50-க்கு மேல். அதனால் கலந்தால் அறிக்கையில் எண் எகிறும். கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. முழுக்க வெள்ளையாக உறையாமல் ஒரு அடுக்கு தனியே நின்றால் சந்தேகப்படலாம். கொஞ்சமாகக் கலந்திருந்தால் ஃபிரிட்ஜ் காட்டிக் கொடுக்காது.

"ஆலை சம்மதித்து, 16-ம் தேதிக்கு முன் போட வேண்டிய லோடைத் தாமதித்தால்?" இதற்காக முதல் வரியில் ஆர்டர் எண்ணையும் தேதியையும் சேர்த்து, "பில் எந்தத் தேதியில் வந்தாலும் இந்த 20 டின் பழைய விலை" என்று ஒரு வாக்கியம் போடுங்கள்.