நீலகிரி வீட்டில் சார்ஜரும் தவழும் குழந்தையும்

லண்டனிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ ஒன்றரை வயதுக் குழந்தையுடன் கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ வருகிறவர்கள், தாத்தா வீட்டில் முதல் இரவே யுனிவர்சல் அடாப்டரை எடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையை ஒட்டியிருக்கும் பிளக் பாயிண்டில் செருகிவிடுகிறார்கள். குழந்தை இருக்கும் அறையில் முதலில் கைவிட வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். பழைய பிளக் பாயிண்டுகளின் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். கனமான அடாப்டர் அதில் சரிந்து தொங்கும்போது பின்கள் பாதி வெளியே தெரியும், அந்தப் பின்களில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கும். மேலும், எல்லா நாட்டுப் பிளக்குகளையும் ஏற்பதற்காக அடாப்டரின் துளைகள் அகலமாக இருப்பதால், மலிவானவற்றில் ஒரு ஹேர்பின்னைத் தடுக்கக்கூட உள்ளே எதுவும் இருக்காது. உள்ளூர்க் கடையில் இந்தியப் பின் கொண்ட சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொள்வதே நல்லது.

அடுத்து, பிளக் பாயிண்டில் ஷட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், கீழேயுள்ள இரு துளைகளையும் பிளாஸ்டிக் மூடியிருக்க வேண்டும். பித்தளை பளபளத்தால் ஷட்டர் இல்லை என்று பொருள். எலக்ட்ரீசியனை அழைத்து, குழந்தையின் கைக்கு எட்டும் பாயிண்டுகளையாவது ஷட்டர் உள்ளவையாக மாற்றிவிடலாம். ஷட்டர் உள்ள இடத்திலும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இரண்டு பின் சார்ஜர் நுழையவில்லை என்றால், பெரியவர்கள் மேல் துளையில் பேனாவையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டு ஷட்டரைத் திறந்துகொள்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை மறுநாள் அதையே செய்யும். ஆகவே குழந்தைக்கு முன்னால் மட்டுமல்ல, ஒருபோதும் இப்படிச் செய்யக் கூடாது. பிரிட்டனிலிருந்து கொண்டுவரும் செருகு மூடிகள் இங்குள்ள துளைகளுக்குப் பொருந்தாது என்பதால் அவற்றை நம்பி இருந்துவிட வேண்டாம்.

இனி, எங்கே சார்ஜ் செய்வது? கதவோரத்தில் 130 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ஒரு மீட்டர் கேபிள் தொங்கினால், அதன் முனை தரையிலிருந்து 30 சென்டிமீட்டரில், தவழும் குழந்தையின் வாய்க்கு நேராக வந்து நிற்கும். முப்பது சென்டிமீட்டர் குட்டைக் கேபிளைப் போட்டாலும் முனை ஒரு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். எண்பது சென்டிமீட்டர் உயரக் குழந்தை கையைத் தூக்கினால் அங்கே எட்டிவிடும். எனவே போர்டின் மட்டத்திலேயே சுவரில் சிறிய அலமாரி ஒன்றை அடித்து, போனும் கேபிளும் முழுவதுமாக அதன்மேலே இருக்கும்படி செய்ய வேண்டும். கீழே நாற்காலியோ பெட்டியோ இருக்கக் கூடாது, ஏனெனில் இந்த வயதில் ஏறுவதற்கு அதுவே போதும். போனை எடுக்கும்போது சுவிட்சை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கேபிளைச் சுருட்டி வைத்துவிடுங்கள். போன் இல்லாமல் தொங்கும் கேபிளையும் குழந்தைகள் பிடித்து இழுக்கும்.

மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போய்ப் போய் வரும். கரண்ட் இல்லை என்று நினைத்துத் திறந்த நிலையில் விட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அடுத்த நிமிடமே கரண்ட் வந்துவிடலாம். இன்வெர்ட்டர் இணைப்பு இருந்தால் அது போகவே போயிருக்காது. மின்சாரம் உடல் வழியாகக் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா, இன்வெர்ட்டர் வழியும் அதன் காப்புக்குள் வருகிறதா என்று எலக்ட்ரீசியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்.சி.பி. மட்டும் இருந்தால் போதாது. அது வயரைத்தான் காக்கும், உடலில் பாயும் சிறு மின்சாரத்துக்கு அது விழாது.

மெல்லும் பழக்கத்தைப் பொறுத்தவரை எல்லாக் கேபிளும் ஒன்றல்ல. சாதாரண சார்ஜரிலிருந்து போனுக்குப் போகும் கேபிளில் 5 வோல்ட்தான் என்றாலும், இணைப்பில் இருக்கும் முனை எச்சிலில் நனைந்தால் வாயில் புண் உண்டாக்கலாம். உயிருக்கு ஆபத்தானவை சுவரிலிருந்து லேப்டாப் அடாப்டர் வரை வரும் கம்பியும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் கம்பியும்தான். இவற்றில் பல் தடம் தெரிந்தால், டேப் சுற்றிப் பயன்படுத்தாமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.

குழந்தை அப்படிக் கடித்து அதிர்ச்சி வாங்கினால், தொடுவதற்கு முன் மெயினையும், இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். நினைவிழந்தாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். உதட்டோரத்தில் வெள்ளையாகவோ கருப்பாகவோ ஒரு சிறு தீப்புண் மட்டுமே தெரிந்து, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொருக்கு உதிரும்போது, அதாவது ஒன்றிரண்டு வாரங்களுக்குள், அந்த இடத்து ரத்தக்குழாய் திறந்து திடீரென ரத்தம் கொட்டலாம். நீங்கள் மலைப்பாதையிலோ திரும்பும் விமானத்திலோ இருக்கும் நாள்களாக அவை இருக்கக்கூடும். பயணத்தைத் தள்ளிப்போட வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். ரத்தம் வந்தால், சுத்தமான துணியால் உதட்டை உள்ளும் புறமும் இரு விரல்களால் இறுகப் பிடித்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.