உச்சிவெயில் 12 மணிக்கு வராதது ஏன்? ஒரு கம்பியும் கயிறும் வைத்து நேரச் சமன்பாட்டை அளப்போம்

சூரியக் கடிகாரம் ஒன்றைச் சரியாகச் செய்து, சரியாகத் திசை பார்த்து வைத்தாலும் அது கைபேசி காட்டும் நேரத்தோடு ஒத்துப்போகாது. தினமும் ஒரே அளவு தப்பினாலாவது கழித்துக்கொள்ளலாம். பிப்ரவரியில் ஓர் அளவு, நவம்பரில் வேறோர் அளவு என்று அந்த வித்தியாசமே மாறிக்கொண்டிருக்கும். கடிகாரம் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இங்கேதான். உண்மையில் இரண்டு வித்தியாசங்கள் ஒன்றாகக் கலந்து தெரிகின்றன. ஒன்று நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது, அது என்றும் மாறாது. மற்றது நாளைப் பொறுத்தது, அதன் பெயர்தான் நேரச் சமன்பாடு. முதலாவதைக் கழித்துவிட்டு இரண்டாவதை நாமே அளந்து பார்க்கலாம். சென்னையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஊருக்கான திருத்தம்

இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் அருகே போகிறது. சென்னை அதற்கு மேற்கே, 80.27 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும் என்பதால் கணக்கு இதுதான்:

```
(82.5 - 80.27) x 4 = 8.92 நிமிடம்
```

அதாவது ஏறக்குறைய 8 நிமிடம் 55 விநாடி. ஆக, சென்னையில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12:08:55க்கு. 1906 ஜனவரி 1 முதல்தான் நாடு முழுவதற்கும் ஒரே நேரம் வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்கள் பல காலம் சென்னை நேரத்தில்தான் ஓடின. அந்தச் சென்னை நேரம் இன்றைய இந்திய நேரத்துக்கு 9 நிமிடம் பின்தங்கியிருந்தது இந்தக் கணக்கால்தான்.

உங்கள் ஊரின் தீர்க்கரேகையை வரைபடச் செயலியில் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். மதுரைக்குச் சுமார் 17.5 நிமிடம், கோவைக்கு 22 நிமிடம் வரும். இலங்கையின் நேரமும் இதே 82.5 பாகையைத்தான் ஒட்டியது என்பதால் யாழ்ப்பாணத்துக்கும் இதே கணக்குதான், விடை சுமார் 10 நிமிடம்.

படி 2: உண்மையான உச்சிப்பொழுதை அளப்பது

நிழல் மிகக் குட்டையாகும் கணத்தைப் பிடித்தால் போதுமே என்று தோன்றும். அது சரிவராது. உச்சியை ஒட்டிய பத்து நிமிடமும் நிழலின் நீளம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறாது. எந்த நிமிடம் மிகக் குட்டை என்று சொல்லவே முடியாது. கைபேசியின் திசைகாட்டியை நம்பி வடக்கு தெற்குக் கோடு போடுவதும் வேண்டாம். மொட்டை மாடித் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் அதை இழுக்கும். நவம்பரில் திசை ஒரு பாகை தப்பினாலே நேரம் சுமார் 2 நிமிடம் தப்பிவிடும்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கோயில் கட்டத் திசை குறிக்கும் ஸ்தபதிகள் சங்கு எனப்படும் முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து செய்ததும் இதுதான். சமமான தரையில் 50 செ.மீ. உயரக் கம்பி ஒன்றை நேர் செங்குத்தாக நிறுத்துங்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிடுவது நல்லது. கம்பியின் அடியை மையமாக வைத்து, கயிற்றால் 35 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்துக்கு வெளியே இருக்கும், பிறகு சுருங்கிச் சுருங்கி உள்ளே வரும். அது வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் அதே நுனி மறுபடி வட்டத்தைத் தொட்டு வெளியே போகும். அந்த நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரம்தான் உச்சிப்பொழுது. திசையே தெரிய வேண்டியதில்லை.

ஒரு சின்னத் தொல்லை இருக்கிறது. சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் நுனி மங்கலாக, சுமார் அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கரைந்து தெரியும். கம்பியின் தலையில் 3 மி.மீ. துளை போட்ட சிறு அட்டையைப் படுக்கைவாட்டில் ஒட்டினால் நுனிக்குப் பதில் ஒரு சிறு ஒளிவட்டம் விழும். அதன் நடுப்பகுதியைக் குறிப்பது எளிது. மேகம் வந்து ஒரு நேரம் தவறிப்போனால் என்ன செய்வது? முதலிலேயே 38, 41 செ.மீ. என்று இன்னும் இரண்டு வட்டங்கள் போட்டுவைத்தால் வேறொரு ஜோடி கிடைக்கும். எல்லா ஜோடியும் ஒரே நடுநேரத்தைத் தர வேண்டும். ஜோடிக்கு ஜோடி விடை ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால், கம்பி சாய்ந்திருக்கிறது அல்லது தரை சரிவு என்று அர்த்தம்.

படி 3: ஒரு நாளின் கணக்கு

பிப்ரவரி 11ஐ எடுத்துக்கொள்வோம். சென்னையில் வானம் தெளிவாக இருக்கும் மாதம். நவம்பரை நம்பி அளக்கக் கிளம்பினால் வடகிழக்குப் பருவமழை காலை வாரிவிடும்.

அன்று 35 செ.மீ. வட்டத்தை நிழல் தொடுவது கணக்குப்படி காலை 10:54க்கும் பிற்பகல் 1:52க்கும். இடையே 2 மணி 58 நிமிடம், அதில் பாதி 1 மணி 29 நிமிடம். 10:54உடன் கூட்டினால் 12:23. சூரியன் உச்சிக்கு வந்தது 12:23க்கு.

அதிலிருந்து ஊருக்கான 8 நிமிடம் 55 விநாடியைக் கழித்தால் மிச்சம் சுமார் 14 நிமிடம். சூரியக் கடிகாரம் அன்று அவ்வளவு பின்தங்கியிருக்கிறது. அட்டவணைகளில் அன்றைய நேரச் சமன்பாடு −14 நிமிடம் 15 விநாடி என்று இருக்கும். இதையே நவம்பர் 3 அன்று செய்தால் உச்சிப்பொழுது 11:52:30க்கு வரும். சூரியக் கடிகாரம் 16 நிமிடத்துக்கு மேல் முந்தியிருக்கும், ஆகவே +16 நிமிடம் 25 விநாடி. இடையில் மே 14ஐ ஒட்டி +3 நிமிடம் 40 விநாடி, ஜூலை 26ஐ ஒட்டி −6 நிமிடம் 30 விநாடி என்று இரண்டு சிறிய ஏற்ற இறக்கங்கள் உண்டு. ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டி அது பூஜ்யம்.

சில அட்டவணைகள் கூட்டல் கழித்தல் குறிகளைத் தலைகீழாகப் போட்டிருக்கும். நவம்பரைப் பாருங்கள். அங்கே கூட்டல் இருந்தால் நாம் பேசும் முறை, கழித்தல் இருந்தால் எதிர் முறை.

படி 4: ஏன் நகர்கிறது?

பூமி தன்னைத்தானே ஒரு முழுச் சுற்று சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி போதும். ஆனால் அதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுகிறது. இங்கிருந்து பார்க்கும்போது சூரியன் ஒரு பாகை கிழக்கே தள்ளிப் போனதாகத் தெரியும். அதை எட்டிப்பிடிக்கப் பூமி இன்னும் 3 நிமிடம் 56 விநாடி சுழல வேண்டும். 24 மணி நேரம் என்பது அப்படி வந்த கணக்கு. இந்த 3 நிமிடம் 56 விநாடி வெறும் சராசரிதான், இரண்டு காரணங்களால் நாளுக்கு நாள் மாறும்.

முதல் காரணம் வேகம். பூமியின் பாதை சற்றே நீள்வட்டம். ஜனவரி முதல் வாரத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போது வேகமாகவும், ஜூலை முதல் வாரத்தில் மெதுவாகவும் போகிறது. இதனால் நாளின் நீளம் ஜனவரியில் சுமார் 8 விநாடி கூடும், ஜூலையில் அதே அளவு குறையும்.

இரண்டாவது காரணம் சாய்வு, இதுதான் பெரியது. பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் சூரியன் நேர் கிழக்காக நகர்வதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் அது நகரும் ஒரு பாகையில் ஒரு பங்கு வடக்கு அல்லது தெற்காகப் போய்விடும். கிழக்காக மிஞ்சுவது 0.92 பாகைதான். பூமி எட்டிப்பிடிக்க வேண்டியது குறைவதால் நாள் சுமார் 20 விநாடி குறுகும். ஜூன், டிசம்பரில் சூரியன் நேர் கிழக்காகவே நகர்கிறது, ஆனால் நடுக்கோட்டைவிட்டு விலகி நிற்கிறது. தீர்க்கரேகைகள் சாத்துக்குடிச் சுளைகளின் விளிம்புகள்போல முனைகளை நோக்கி நெருங்குவதால், அங்கே அதே நகர்வு 1.09 பாகைக்குச் சமமாகிவிடும். நாள் சுமார் 21 விநாடி நீளும்.

டிசம்பர் கடைசியில் இரண்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. 21உம் 8உம் சேர்ந்து, உச்சியிலிருந்து உச்சி வரை 24 மணி நேரத்தோடு ஏறக்குறைய 30 விநாடி கூடும். ஜூனில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் 13 விநாடிதான். மே, ஜூலை மாதங்களின் ஏற்ற இறக்கம் சிறியதாகவும் நவம்பர், பிப்ரவரியில் பெரியதாகவும் இருப்பது இதனால்தான்.

விநாடிக் கணக்கு எப்படிக் கால் மணி நேரமாகிறது? சேர்ந்து சேர்ந்துதான். நவம்பர் 3 முதல் பிப்ரவரி 11 வரை சரியாக 100 நாள். அதற்குள் உச்சிப்பொழுது 30 நிமிடம் 40 விநாடி தள்ளிப்போகிறது, நாளுக்குச் சராசரி 18 விநாடி. டிசம்பர் 21தான் ஆண்டின் மிகக் குறுகிய பகல். ஆனாலும் சென்னையில் சூரிய உதயம் ஜனவரி பிற்பகுதி வரை தாமதமாகிக்கொண்டே போவதும், மிகச் சீக்கிரமான அஸ்தமனம் நவம்பரிலேயே வந்துவிடுவதும் இந்தத் தள்ளலால்தான். பகல் மொத்தமாகவே பின்னால் நகர்ந்துகொண்டிருக்கிறது.

படி 5: மற்ற நாட்களுக்குச் சூத்திரம்

```
B = 360/365 x (d - 81)
E = 9.87 sin(2B) - 7.53 cos(B) - 1.5 sin(B)
```

`d` என்பது ஜனவரி 1ஐ ஒன்று என வைத்து எண்ணிய நாள், `B` பாகையில், `E` அன்றைய நேரச் சமன்பாடு, நிமிடத்தில். முதல் உறுப்பு சாய்வுக்கு, மற்ற இரண்டும் வேகத்துக்கு. பிப்ரவரி 11க்கு `d` = 42. `B` = −38.5, `E` = −14.6. உண்மையான −14.25ஐவிடச் சுமார் 20 விநாடி விலகல், நம் கம்பிக்கு இது தாராளம். விரிதாளில் போடுகிறவர்கள் `RADIANS(B)` என்று மாற்றாமல் விட்டால் விடை கண்டபடி வரும்.

அப்புறம், கடிகார நேரம் வேண்டுமென்றால் சூரியக் கடிகாரம் காட்டுவதோடு ஊருக்கான திருத்தத்தைக் கூட்டி `E`ஐக் கழியுங்கள். சென்னையில் `E` 8.92 ஆகும் நாட்களில், அதாவது செப்டம்பர் கடைசியிலும் டிசம்பர் முதல் வாரத்திலும், இரண்டும் ஒன்றையொன்று வெட்டிவிட்டுச் சூரியன் சரியாக 12 மணிக்கு உச்சிக்கு வரும். மதுரையில் அப்படி ஒரு நாளே கிடையாது. 17.5 நிமிடத்தில் நவம்பரின் 16.4ஐக் கழித்தாலும் ஒரு நிமிடம் மிஞ்சுகிறது. அங்கே உச்சிப்பொழுது எந்த நாளிலும் 12:01க்கு முன் வராது.