"எங்கே போய் ஏறுவது?": பேருந்துத் தட மாற்ற அறிவிப்பைத் திருத்தி எழுதும் முறை

குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்புப் பலகைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போக்குவரத்துக் கழக அறிவிப்பை அப்படியே படமெடுத்து அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அடுத்த ஐந்து நிமிடத்தில் "அப்போ விழுப்புரம் போறவங்க எங்க ஏறணும்?" என்று யாராவது கேட்பார்கள். அதே கேள்வியை இன்னும் நான்கு பேர் கேட்பார்கள். அந்தக் கேள்வி வராதபடி எழுதுவதைத்தான் இங்கே செய்து பார்க்கப்போகிறோம்.

பாடத்துக்கு 2024 ஜனவரியில் சென்னையில் நடந்த மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் உடனே அங்கே போய்விட்டன. ஒரு மாதம் கழித்து, மற்ற அரசுப் பேருந்துகளில் ஜி.எஸ்.டி. சாலை வழியாகத் தெற்கே போகிறவையும் கோயம்பேட்டை விட்டன. கீழே இருப்பது நிஜ அறிவிப்பின் நகல் அல்ல, அந்த நடையில் நான் எழுதிய மாதிரி. இன்றைய பேருந்து விவரமாகவும் இதைக் கொள்ள வேண்டாம்.

> போக்குவரத்து நெரிசலைக் குறைக்கும் பொருட்டு, கோயம்பேடு பேருந்து முனையத்திலிருந்து தென்மாவட்டங்களுக்கு ஜி.எஸ்.டி. சாலை மார்க்கமாக இயக்கப்பட்டு வரும் பேருந்துகள் 30.01.2024 முதல் கிளாம்பாக்கத்திலிருந்து இயக்கப்படும் எனவும், கிழக்குக் கடற்கரைச் சாலை மற்றும் பூந்தமல்லி மார்க்கப் பேருந்துகள் வழக்கம்போல் இயக்கப்படும் எனவும், பயணிகள் வசதிக்காகப் போதிய மாநகரப் பேருந்துகள் இயக்கப்படும் எனவும் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.

பொய்யான வார்த்தை ஒன்றுகூட இதில் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியாது.

முதலில் ஊர்ப் பட்டியல்

ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். இடது பத்தியில் ஊர், நடுவில் நேற்று வரை ஏறிய இடம், வலதில் இனி ஏறும் இடம். "தென்மாவட்டங்கள்" என்று டிக்கெட் கேட்பவர் யாரும் இல்லை. திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை என்றுதான் கேட்பார்கள். சேலத்துக்காரர் தன் ஊரைத் தென்மாவட்டம் என்று நினைக்கவே மாட்டார், ஆனால் விழுப்புரம் வழியாகப் போகும் அவருடைய பேருந்தும் இடம் மாறுகிறது. ஆகவே ஒவ்வோர் ஊராக எழுத வேண்டும்.

எழுதும்போதே ஒரு சிக்கல் தலைகாட்டும். புதுச்சேரியை எந்த வரிசையில் வைப்பது? திண்டிவனம் வழியாகப் போகும் பேருந்து கிளாம்பாக்கத்துக்கு மாறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போவது கோயம்பேட்டிலேயே இருக்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு பதில். மூல அறிவிப்பில் இது "மார்க்கம்" என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. தவறான இடத்தில் போய் நிற்கப்போகிறவர் பெரும்பாலும் இந்தப் பயணிதான். இரண்டு முனையங்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். இப்படி இரு பதில் வரும் ஊர்களைச் சுழித்து வையுங்கள், திருத்திய அறிவிப்பில் அவற்றுக்குத் தனி வரி வேண்டும்.

மாறாததையும் எழுதுங்கள்

வேலூர், பெங்களூரு பயணிகளுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஆனால் "கோயம்பேடு மூடிட்டாங்களாம்" என்ற பேச்சு அவர்கள் காதிலும் விழுந்திருக்கும். "வழக்கம்போல்" என்ற சொல் அவர்களுக்குப் போதாது. ஊர்ப்பெயரோடு "கோயம்பேடுதான், மாற்றமில்லை" என்று ஒரு வரி வைத்தால் போதும், வீண் அலைச்சல் மிச்சம்.

தேதியில் ஒரு பொறி

"30.01.2024 முதல்" என்றால், 29ஆம் தேதி இரவு 11.30க்குப் புறப்படும் பேருந்து எங்கே? நள்ளிரவு தாண்டி 12.15க்குப் புறப்படுவது எங்கே? இதை ஊகித்து எழுதக் கூடாது. பணிமனைக்கோ உதவி எண்ணுக்கோ கேட்டு, "ஜனவரி 30, செவ்வாய், காலை இத்தனை மணிப் பேருந்திலிருந்து" என்று எழுத வேண்டும்.

"போதிய பேருந்துகள்" என்பதை உடைத்தல்

இதுதான் நேரம் எடுக்கும் வேலை. மாற்று வழி என்பது ஒருவர் இப்போது நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதனால் பயணிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழக்கத்தில் கோயம்பேட்டுக்கே வந்துவிட்டவருக்கு 70V மாநகரப் பேருந்து. பாரிமுனைப் பக்கம் இருப்பவருக்கு 21G, அவர் கோயம்பேட்டுக்கு வரவே வேண்டாம். எழும்பூர், மாம்பலம் பக்கத்தவர் மின்சார ரயிலில் தாம்பரம் போய் அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். தாம்பரம், பெருங்களத்தூர்க்காரருக்குக் கிளாம்பாக்கம்தான் பக்கம், இது லாபம், அதையும் சொல்லுங்கள்.

ஒவ்வொரு வழிக்கும் மூன்றைக் கேட்டு உறுதி செய்யுங்கள்: முதல் பேருந்தும் கடைசிப் பேருந்தும் எப்போது, எங்கே நின்று ஏறுவது, கட்டணம் என்ன. கட்டணத்தில் பலரும் விடும் ஒன்று உண்டு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, சொகுசுப் பேருந்தில் உண்டு. நீங்கள் காட்டும் மாற்று வழியில் சொகுசு வண்டிதான் அதிகம் ஓடுகிறது என்றால், தினம் போய்வரும் ஒரு பெண்ணுக்கு அது புதுச் செலவு. எந்த வண்டி என்று குறிப்பிடுங்கள்.

அப்புறம், திரும்பி வருபவரை மறக்க வேண்டாம். எனக்கு இது பட்டுத் தெரிந்தது. எங்கள் குடியிருப்புக்கு ஒருமுறை (வேறொரு மாற்றத்துக்கு) அழகாக அறிவிப்பு எழுதி ஒட்டினேன், போகும் திசைக்கு மட்டும். ஊரிலிருந்து விடிகாலை மூன்றரைக்கு வந்து இறங்கிய மாடிவீட்டு அக்கா, இரண்டு பை, தூங்கும் குழந்தையோடு ஆட்டோவுக்கு அழுததைப் பத்து நாள் சொல்லிக் காட்டினார்.

திருத்திய வடிவம்

> விழுப்புரம், திருச்சி, மதுரை, சேலம் பேருந்துகள் இனி கிளாம்பாக்கத்தில்
> ஜனவரி 30, செவ்வாய், காலை ___ மணி முதல்
>
> கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டியவர்கள்: திண்டிவனம், விழுப்புரம், சேலம், திருச்சி, மதுரை, திருநெல்வேலி
> கோயம்பேடுதான், மாற்றமில்லை: வேலூர், பெங்களூரு
> புதுச்சேரி: திண்டிவனம் வழி என்றால் கிளாம்பாக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழி என்றால் கோயம்பேடு.
>
> கிளாம்பாக்கம் போக
> கோயம்பேட்டிலிருந்து: 70V (முதல் ___, கடைசி ___)
> பாரிமுனையிலிருந்து: 21G (முதல் ___, கடைசி ___)
> எழும்பூர், மாம்பலத்திலிருந்து: மின்சார ரயிலில் தாம்பரம், அங்கிருந்து பேருந்து
>
> ஊரிலிருந்து திரும்புவோர் கிளாம்பாக்கத்தில் இறங்குவீர்கள். இரவு ___ முதல் ___ வரை நகருக்குள் வரும் பேருந்து: ___
> உதவிக்கு: ___

கோடிட்ட இடங்களைப் பணிமனையில் கேட்டு நிரப்புங்கள். கிடைக்காவிட்டால் அந்த வரியையே எடுத்துவிடுங்கள். நெரிசல் குறைப்பு என்ற காரணத்தை நான் சேர்க்கவில்லை. இடமிருந்தால் கடைசியில் ஒரு வரி போடலாம், தலையில் வேண்டாம்.

ஒட்டும் முன்

இந்த மாற்றம் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "புதுச்சேரிக்குப் போகணும், எங்க ஏறுவீங்க?" என்று கேளுங்கள். அவர் "எந்த வழியா?" என்று திருப்பிக் கேட்டால் அறிவிப்பு வேலை செய்கிறது. "கிளாம்பாக்கம்" என்று உடனே சொல்லிவிட்டால் அந்த வரி கண்ணில் படவில்லை, எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

சரி, எங்கே ஒட்டுவது? கிளாம்பாக்கத்தில் நிற்பவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். பழைய நிறுத்தத்திலும், அங்கே போகும் பேருந்துகளில் ஓட்டுநருக்குப் பின்னாலும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். கீழே ஓரத்தில் "சரிபார்த்த தேதி" என்று ஒன்று போட்டுவிடுங்கள், அடுத்த மாற்றம் வரும்போது எதைக் கிழிப்பது என்று தெரிய வேண்டும்.