பிள்ளைக்கு வகுப்பு கூடிவிட்டதா? பெற்றோர் கணக்குப் பிழைக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் தரம் 5 படிக்கும் பிள்ளையின் தாயிடம் "எத்தனை கிளாசுக்குப் போறா?" என்று கேட்டால், "அஞ்சு, ஆறுதான்" என்று பதில் வரும். அந்த "தான்" என்ற சொல்லிலேயே கணக்கு பிழைக்கத் தொடங்கிவிடுகிறது. வகுப்பை எண்ணிப் பார்த்தால் சுமை தெரியாது. மணித்தியாலத்தை எண்ண வேண்டும். அதிலும் வகுப்பு நடக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால் பாதிதான் கையில் வரும்.

ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெயர் அபி, வயது 9, இந்த வருடம் புலமைப்பரிசில் எழுதுகிறாள். திங்கள் பாடசாலை முடிந்ததும் நெட்போல் பயிற்சி, ஒன்றரை மணித்தியாலம். செவ்வாயும் வியாழனும் ரீச்சர் வீட்டில் ரியூசன், இரண்டிரண்டு மணித்தியாலம். புதன் நீச்சல் ஒன்று, வெள்ளி வாய்ப்பாட்டு ஒன்று. சனி காலை 3 மணித்தியாலப் பேப்பர் கிளாஸ், பின்னேரம் இன்னொரு நீச்சல். ஞாயிறு அறநெறிப் பாடசாலையும் நடனமுமாக மூன்றரை. எல்லாம் கூட்டினால் வாரத்துக்கு 15 மணித்தியாலம். பரவாயில்லையே என்று தோன்றும்.

இதோடு பயணத்தைக் கூட்டுங்கள். பின்னேரம் 4 மணிக்குக் காலி வீதியில் ஓட்டோவுக்குள் இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு என்று தெரியும். நீச்சலுக்கு உடை மாற்றுவது, தலை துவட்டுவது, பாட்டு ரீச்சர் முந்தைய குழுவை முடிக்கும்வரை வாசலில் நிற்பது, எல்லாமாக அபிக்கு வாரத்துக்கு இன்னொரு 7 மணித்தியாலம் போகிறது. ரியூசனில் தரும் வீட்டுவேலையும் பேப்பர் திருத்தமும் 4, பாட்டுப் பயிற்சி 2. மொத்தம் 28. பாடசாலை காலை 7.30 முதல் 1.30 வரை, வாரத்துக்கு 30 மணித்தியாலம். ஆக, இந்தப் பிள்ளை கிட்டத்தட்ட இரண்டு பாடசாலைக்குப் போய்வருகிறாள். பாடசாலை தருகிற வீட்டுவேலையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

உங்கள் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கொப்பித் தாள் போதும். மனதால் மதிப்பிடாமல், ஒரு வாரம் முழுக்க வீட்டை விட்டு இறங்கிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் அன்றன்றே குறித்து வையுங்கள். மனக்கணக்கில் பயணம் எப்போதும் சுருங்கிவிடும்.

புள்ளி இறங்கும்வரை காத்திருப்பது

அடுத்த தவறு இது. "மார்க்ஸ் நல்லாத்தானே வருது, பிறகென்ன?" என்பார்கள். புள்ளி கடைசியாகத்தான் இறங்கும். கெட்டிக்காரப் பிள்ளை நித்திரையைக் குறைத்து, விளையாட்டைக் குறைத்து, பேச்சைக்கூடக் குறைத்து, புள்ளியை மட்டும் பல மாதம் தாங்கிப் பிடித்துவிடும். புள்ளி விழும்போது வேறு பல விடயங்கள் ஏற்கெனவே விழுந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது நித்திரை. 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணித்தியாலம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 என்பது நித்திரை மருத்துவர்களின் பரிந்துரை. இதைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். வான் 6.40க்கு வந்தால் அபி 5.30க்கு எழும்ப வேண்டும். குறைந்தபட்ச 9 மணித்தியாலத்துக்கே இரவு 8.30க்குக் கண் மூடியிருக்க வேண்டும். அவள் படுப்பது 10 மணிக்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை மணித்தியாலக் கடன், வெள்ளிக்கிழமை வரும்போது ஏழரை மணித்தியாலம். சனிக்கிழமையாவது தீர்க்கலாமென்றால் அன்றைக்கும் 8 மணிக்குப் பேப்பர் கிளாஸ்.

நித்திரை போதவில்லை என்பதைப் பிள்ளையின் வாயிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்கள் களைத்தால் சோர்ந்து கிடப்பார்கள். பிள்ளைகள் பல பேர் களைத்தால் துள்ளுவார்கள், சண்டை பிடிப்பார்கள், சப்பாத்து லேஸ் இறுகிவிட்டது என்பதற்கு அழுவார்கள். இன்னொரு அடையாளம், பாடசாலை நாட்களில் தினமும் வானிலேயே தூங்கிப்போவது. வகுப்பில்லாத நாளில் வழக்கத்தைவிட 2 மணித்தியாலத்துக்கு மேல் கூடுதலாகத் தூங்குவதும் கடன் இருப்பதற்கான அடையாளம்தான். அதைச் சோம்பல் என்று எழுப்பிவிடாதீர்கள்.

வயிற்றுக்குத்து, தலையிடி என்பவற்றையும் கிழமை போட்டுக் குறித்து வையுங்கள். செவ்வாயும் வியாழனும் மட்டும் பாடசாலை விட்டு வந்ததும் வயிறு குத்துகிறது, ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை என்றால் அதில் செய்தி இருக்கிறது. அந்த வலி நடிப்பல்ல, உண்மையாகவே குத்தும். ஆனால் இரவில் நித்திரையைக் கலைக்கிற வலி, காய்ச்சலோடு வரும் வலி, எடை குறைவது என்றால் நேரசூசியை ஆராய்ந்துகொண்டிருக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

விளையாட்டுக்கு உடம்பே கணக்குச் சொல்லும். கிரிக்கெட்டோ கால்பந்தோ பாடசாலை அணியிலும் வெளிப் பயிற்சியிலும் சேர்ந்து ஆடுகிற 9, 10 வயதுப் பிள்ளை குதிக்கால் நோகிறது என்று சொன்னால், "வளரும்போது அப்படித்தான்" என்று தைலம் தடவி விடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. வளரும் எலும்பின் நுனியில் உள்ள மெல்லிய பகுதி திரும்பத் திரும்ப இழுபடுவதால் வருவது அது. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் ஆறும். நொண்டிக்கொண்டு ஆடவிடக் கூடாது. பொதுவாக, ஒழுங்குபடுத்திய பயிற்சி வாரத்துக்குப் பிள்ளையின் வயதைவிட அதிக மணித்தியாலமாகப் போகாமலும், வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வாகவும் இருப்பது பாதுகாப்பு. அபிக்கு அது மூன்றரைதான். அவளுடைய சுமை விளையாட்டில் இல்லை.

களைப்பையும் வெறுப்பையும் குழப்புவது

இதில்தான் நல்ல பெற்றோரும் தடுமாறுகிறார்கள். பிள்ளை பாட்டு வகுப்புக்கு மாட்டேன் என்கிறது. பாட்டு பிடிக்கவில்லையா, ரீச்சரைப் பிடிக்கவில்லையா, அல்லது வெள்ளிக்கிழமை பின்னேரம் எதைக் கொடுத்தாலும் மாட்டேன் என்றுதான் சொல்லுமா?

"பிடிக்கலையா?" என்று நேராகக் கேட்டால் உண்மை வராது. அப்பா மூன்று மாதக் காசைக் கட்டிவிட்டார் என்பது பிள்ளைக்குத் தெரியும். அம்மம்மா அரங்கேற்றம் வரைக்கும் கனவு கண்டு வைத்திருப்பதும் தெரியும். "பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "அடுத்த மாசம் ஒரு கிளாஸ் நடக்காதாம், எது எண்டா உனக்குச் சந்தோஷம்?" பதில் உடனே வந்தால் ஓரிரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறையும் அதே பெயர் வந்தால் பிரச்சினை அந்த வகுப்பில். அங்கே யாராவது பிள்ளையை அவமானப்படுத்துகிறார்களா, அடி விழுகிறதா என்றும் விசாரியுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு பெயர் வந்தால், அல்லது "எல்லாம்" என்று வந்தால், பிரச்சினை எண்ணிக்கையில்.

இதை உறுதிப்படுத்தத் தவணை விடுமுறை நல்ல சந்தர்ப்பம். ஆனால் நாங்கள் அதையும் விடுமுறை வகுப்பு, செமினார் என்று நிரப்பிவிடுகிறோம். ஒருமுறையாவது 2 வாரத்தைக் காலியாக விட்டுப் பாருங்கள். முதல் சில நாள் பிள்ளை தூங்கும், சுருண்டு கிடக்கும், போன் கேட்டு நச்சரிக்கும். அதைப் பார்த்துப் பயந்துபோய் உடனே வகுப்பில் போட்டுவிடாதீர்கள். அப்புறம் தானாக ஏதாவது ஒன்றைத் தொடும். யாரும் சொல்லாமல் சுருதிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு வரிசை பாடினால் பாட்டு பிடிக்கிறது, களைப்புத்தான் தடுத்தது. பாட்டுக் கொப்பி மட்டும் தூசி பிடித்துக் கிடந்தால் அதுவும் ஒரு பதில்.

2 வாரம் நன்றாகத் தூங்கியும் முகம் தெளியவில்லை, நண்பர்களோடும் சேரவில்லை என்றால் வகுப்பின் மேல் பழி போடாதீர்கள். கண் பார்வை, இரத்தச்சோகை, பாடசாலையில் யாராவது வதைப்பது, மனச்சோர்வு என்று வேறு காரணம் இருக்கலாம். அது டொக்டரிடம் போக வேண்டிய விடயம்.

வெட்டும்போது தவறானதை வெட்டுவது

சரி, கூடிவிட்டது என்று தெரிந்துவிட்டது. வழக்கமாக முதலில் போவது விளையாட்டு, அடுத்தது பாட்டு. புலமைப்பரிசில் வருடம் என்றால் கேட்கவே வேண்டாம், ரியூசன் ஒன்றையும் தொட மாட்டோம். நான் ரியூசனிலிருந்துதான் தொடங்குவேன். அங்கேதான் ஒரே வேலை இரண்டு தரம் நடக்கிறது. அபியின் செவ்வாய், வியாழன் கொப்பியையும் சனிக்கிழமைப் பேப்பர் கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் அதே கடந்தகால வினாத்தாள்கள்.

அதைவிட முக்கியமான ஒரு கேள்வியை வீட்டில் யாரும் கேட்பதில்லை. இந்தப் பரீட்சை எதற்கு? வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு உதவித்தொகை கொடுப்பதற்கும், வேறு பிரபல பாடசாலையில் இடம் கொடுப்பதற்கும். உங்கள் பிள்ளை ஏற்கெனவே உயர்தரம் வரை உள்ள நல்ல பாடசாலையில் படிக்கிறது, பாடசாலை மாற்றும் எண்ணமில்லை, உதவித்தொகைக்கான வருமான எல்லைக்குள்ளும் நீங்கள் வரவில்லை என்றால், வெட்டுப்புள்ளியைத் தாண்டி வருகிற ஒவ்வொரு புள்ளியும் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்குத்தான். கிராமத்திலிருந்து கொழும்புப் பாடசாலைக்கு வர நினைக்கும் பிள்ளையின் கணக்கு முற்றிலும் வேறு.

அபிக்குச் சனிக்கிழமைப் பேப்பர் கிளாசை நிறுத்தினால் பயணத்தோடும் திருத்தத்தோடும் 6 மணித்தியாலம் மிஞ்சுகிறது. நீச்சலைச் சனிக்கு மட்டும் வைத்துப் புதனை விட்டால் இரண்டேகால். 28 இப்போது 20க்குக் கிட்ட. சனி காலை தூங்கலாம், புதன் பின்னேரம் வெறுமை. பாட்டிலும் நடனத்திலும் கை வைக்கவில்லை. பேப்பர் திருத்தம் இல்லாததால் இரவுச் சாப்பாடும் படுக்கையும் முந்தி வரும். 8.30 என்பது முதல் வாரமே நடக்காது, ஒவ்வொரு சில நாளுக்கும் 15 நிமிடமாக முன்னே தள்ளுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள், எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். வகுப்பை நிறுத்துவதைத் தண்டனையாகவும் ஆக்காதீர்கள். "மார்க்ஸ் குறைஞ்சா நீச்சல் கட்" என்று சொன்ன வீட்டில் பிள்ளை அடுத்த முறை களைப்பை மறைக்கத்தான் பார்க்கும்.

சங்கீதத்தை விடத்தான் வேண்டுமென்றால் இடைநிறுத்தமாக விடுங்கள். ரீச்சரிடம் நேரே போய், பரீட்சை முடிந்து திரும்ப வருகிற மாதத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டிருந்தால் அதைப் பற்றியும் அப்போதே பேசுங்கள். வீட்டில் ஒரு நாளைக்கு 10 நிமிடம் பாடினால் படித்தது போய்விடாது. கட்டிய காசு திரும்பி வராது, அதற்காக மிச்ச மாதத்தையும் பிள்ளையை வைத்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். புலமைப்பரிசில் முடிந்த வாரமே அபாகஸ், சதுரங்கம் என்று துண்டுப்பிரசுரம் கைக்கு வரும். புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு முன், அதற்காக எந்த நாளில் எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதை அந்தத் துண்டின் பின்பக்கத்திலேயே எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லையென்றால் காசு கட்ட வேண்டாம்.