லாரித் தண்ணீர், கேன் தண்ணீர்: லிட்டர் கணக்கு போடுவது எப்படி?

அடுக்குமாடிக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "லாரித் தண்ணி லிட்டர் பதினஞ்சு பைசா, கேன் ரெண்டு ரூபாய். எதுக்கு கேன் வாங்குறீங்க?" இதில் இரண்டு எண்களுமே முழுக் கணக்கு இல்லை. கீழே நான் தரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ரசீதில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. லாரி சொன்ன லிட்டர் வேண்டாம், சம்ப்பில் விழுந்த லிட்டரை எடுங்கள்

சம்ப்பின் உட்புற நீள அகலத்தைச் சென்டிமீட்டரில் அளந்து வையுங்கள். லாரி வருவதற்கு முன் ஒரு நீளக் குச்சியை அடிவரை நேராக இறக்கி, ஈரம் ஏறிய உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லாரி கொட்டி முடித்ததும் அலை அடங்கட்டும். அதே மூலையில் மறுபடி அளங்கள்.

லிட்டர் = நீளம் × அகலம் × உயர்ந்த அளவு ÷ 1000

400 செ.மீ. நீளம், 250 செ.மீ. அகலம் உள்ள சம்ப்பில் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயர்வும் 100 லிட்டர். 12,000 லிட்டர் வந்தால் 120 செ.மீ. ஏற வேண்டும். 108 தான் ஏறியது என்றால் வந்தது 10,800 லிட்டர்.

அளக்கும் நேரத்தில் மாடித் தொட்டிக்கு மோட்டார் ஓடக்கூடாது. ஓடினால் லாரிக்காரர் மீது வீண்பழி விழும். நான் முதல் தடவை இந்தத் தப்பைத்தான் செய்து, சண்டை போட்டு, பிறகு அசடு வழிந்தேன். அதேபோல் போர் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ அப்போது சம்ப்பில் விழுந்தால் அளவு கூடிவிடும். குறைவுக்கு ஏமாற்றுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. லாரி சரிவில் முன்பக்கம் தாழ்ந்து நின்றால், பின்பக்கக் குழாய்க்கு எட்டாமல் தண்ணீர் முன்னால் தேங்கிவிடும். சமதளத்தில் நிறுத்தச் சொல்லி இன்னொரு முறை அளந்து பாருங்கள்.

லோடு 1,800 ரூபாய் என்றால், 12,000-ஆல் வகுத்தால் 15 பைசா. 10,800-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 17 பைசா. மோட்டார் கரண்ட் இதில் பெரிதாகச் சேராது: 20 மீட்டர் உயரத்துக்கு இந்த லோடு முழுவதையும் ஏற்ற ஒன்றரை யூனிட் அளவுதான் ஆகும்.

2. கேனில் குடித்த லிட்டரை மட்டும் எண்ணுங்கள்

20 லிட்டர் கேன் 40 ரூபாய், மாடி ஏற்ற 5 ரூபாய். கைப்பம்பு வைத்து எடுப்பவர்கள் வீட்டில் அடியில் அரை லிட்டர் தங்கி கேனோடு திரும்பிப் போகும். 45-ஐ 19.5-ஆல் வகுத்தால் லிட்டர் 2.31 ரூபாய். டெபாசிட் திரும்பி வரும் பணம், அதைச் சேர்க்க வேண்டாம்.

3. குடிக்கும் தண்ணீரோடு குடிக்கும் தண்ணீரை ஒப்பிடுங்கள்

17 பைசா தண்ணீரை அப்படியே யாரும் குடிப்பதில்லை. வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வாளி, கழிவுக் குழாய்க்கு ஒரு வாளி வைத்து ஒரே நேரத்தில் பிடியுங்கள். நல்லது ஒன்று, கழிவு மூன்று என்று வந்தால், குடிக்கும் ஒரு லிட்டருக்கு நான்கு லிட்டர் லாரித் தண்ணீர் போகிறது: 68 பைசா.

அடுத்து மெஷின். விலை 14,000, ஏழு வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 2,000. ஃபில்டர், சர்வீஸ் 4,000. ஆக 6,000. வீட்டில் ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் என்றால் வருடத்துக்கு 3,650 லிட்டர், லிட்டருக்கு 1.64 ரூபாய். மொத்தம் 2.32. கேனோ 2.31! பதினேழு பைசா எங்கே போனது பாருங்கள்.

4. உங்கள் வீட்டுக்கு எது?

இந்த விலைகளில் 10 லிட்டர்தான் எல்லைக்கோடு. ஒருவர் மட்டும் இருந்து 5 லிட்டர் செலவழிக்கும் வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் லிட்டர் 3.97 ஆகிவிடும், கேன்தான் மலிவு. 20 லிட்டர் செலவாகும் கூட்டுக் குடும்பத்தில் அது 1.50-க்கு இறங்கும். கழிவுத் தண்ணீரைப் பிடித்து வீடு துடைத்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

லாரித் தண்ணீர் உப்பு கூடினால் இந்தக் கணக்கு மாறும். கழிவு வாளி முன்பைவிடச் சீக்கிரம் நிரம்பி, நல்ல தண்ணீர் நூலாக ஒழுகினால் மெம்பிரேன் அடைபடுகிறது என்று அர்த்தம். ஃபில்டர் செலவைக் கூட்டிப் போடுங்கள். டிடிஎஸ் மீட்டரில் எண் குறைவாக இருக்கிறதே என்று லாரித் தண்ணீரை நேராகக் குடித்துவிடாதீர்கள். அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது.