உறைபனிக் காலையில் சார்ஜ் போடாதீர்கள்: நீலகிரிக் குளிரும் மின்சைக்கிள் பேட்டரியும்

மார்கழி பிறந்ததும் ஊட்டியில் மின்சைக்கிள் ஓட்டுபவர்களிடம் ஒரே புகார்தான்: “மே மாசம் முப்பது கிலோமீட்டர் ஓடின வண்டி, இப்ப இருபதைத் தாண்ட மாட்டேங்குது. பேட்டரி போயிடுச்சு.” பெரும்பாலும் பேட்டரி போயிருக்காது. குளிரில் குறைந்த தூரம், வெயில் வந்தால் தானாகத் திரும்பிவிடும். ஆனால் அந்தக் குளிரோடேயே சார்ஜ் போட்டால் செல்லுக்குள் நடக்கும் சேதம் திரும்பாது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

லித்தியம் செல்லுக்குள் ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் உலோக ஆக்சைடு, நடுவே எலக்ட்ரோலைட் என்ற திரவம். ஓடும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டை விட்டு வெளியேறி, திரவத்தைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. சார்ஜ் போடும்போது அதே வழியில் திரும்புகின்றன. குளிரில் திரவம் கெட்டியாகிறது. கிராஃபைட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும் மந்தமாகிறது. இதைத்தான் செல்லின் உள்தடை கூடிவிட்டது என்கிறோம். சுழியம் டிகிரியை நெருங்கும்போது அது சாதாரண நிலையைப் போல இரண்டு, மூன்று மடங்காவது உண்டு. உள்ளே இருக்கும் சார்ஜ் எங்கும் போகவில்லை, வெளியே வர முடியாமல் நிற்கிறது.

கணக்குப் போட்டால் தெளிவாகும். 36 வோல்ட் பேட்டரியில் பத்து செல் வரிசைகள் தொடராக இருக்கும். முழுச் சார்ஜில் 42 வோல்ட். 31 வோல்ட் அளவுக்கு இறங்கினால் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். நாற்பது சதவீதம் சார்ஜ் மீதமிருக்கும்போது, ஓடாத நிலையில் சுமார் 36 வோல்ட் காட்டும். கேத்தியிலிருந்து ஊட்டிக்கு ஏறும்போது த்ராட்டிலை முழுசாகத் திருகினால் மோட்டார் 15 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிய வெயிலில் பேட்டரியின் மொத்த உள்தடை 0.15 ஓம் என்றால் விழுவது இரண்டேகால் வோல்ட். 34 வோல்ட்டுக்கு அருகில் நின்று வண்டி ஏறிவிடும். அதே பேட்டரி அதிகாலை 2 டிகிரியில் 0.37 ஓம் ஆகியிருந்தால் ஐந்தரை வோல்ட் விழும். 31-க்குக் கீழே போய்விடும், மோட்டார் நின்றுவிடும். ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்தால் டிஸ்பிளேயில் இரண்டு கோடு மறுபடி எழும். காலியான பேட்டரி அந்த அளவுக்கு எழாது. வோல்ட்டைப் பார்த்துக் கோடு போடும் டிஸ்பிளேதான் பெரும்பாலான மின்சைக்கிள்களில் இருப்பது. ஏற்றத்தில் அது காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆகவே ஏற்றத்தில் த்ராட்டிலைக் கொண்டே ஏறுவது குளிர்காலத்துக்கு ஆகாத பழக்கம். கியரைக் குறைத்து, பெடல் அசிஸ்ட்டை ஒன்று அல்லது இரண்டில் வைத்து மிதித்தால் மோட்டார் 7 ஆம்பியரோடு நிற்கும். வோல்ட் விழுவதும் பாதியாகும், அதே பேட்டரி ஏறி முடித்துவிடும். புறப்பட்ட முதல் இரண்டு, மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டினால் பேட்டரியும் தன் உள்தடையாலேயே சற்றுச் சூடேறும். நியோப்ரீன் உறை அந்தச் சூட்டைத் தக்கவைக்கும். ஆனால் ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் பேட்டரிக்கு உறை மாட்டினால் பயனில்லை; உறைக்குத் தானாகச் சூடு உண்டாக்கத் தெரியாது.

இனி முக்கியமான தவறு. தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான பகுதிகளில் வானம் தெளிந்த இரவில், காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே திறந்தவெளியில் நிற்கும் பொருள்களின் மேற்பரப்பு சுழியத்துக்குக் கீழே போய்விடும். காலையில் சைக்கிள் சீட்டில் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தால், அதே சட்டத்தில் மாட்டியிருக்கும் பேட்டரியும் அந்தக் குளிரில்தான் இருந்திருக்கிறது. வெயில் பட்டுச் சீட்டு காய்ந்த பிறகும் உள்ளே இருக்கும் செல்கள் சூடாக இன்னும் சில மணி நேரம் ஆகும். இந்த நேரத்தில்தான் பலர் “வேலைக்குப் போறதுக்குள்ள கொஞ்சம் ஏத்திக்கலாம்” என்று சார்ஜரைச் சொருகுகிறார்கள்.

சார்ஜர் அயனிகளைக் கிராஃபைட்டை நோக்கித் தள்ளும். குளிர்ந்த கிராஃபைட் அவற்றை அந்த வேகத்தில் உள்ளே வாங்காது. நுழைய முடியாதவை வாசலிலேயே லித்தியம் உலோகமாகப் படிகின்றன. அதில் ஒரு பகுதி பிறகு கரைந்து திரும்பும், மீதி எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்து நிரந்தரமாகச் செத்துப்போகும். படிவு ஊசிபோல வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய சவ்வைத் துளைத்தால் செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆகும், தீப்பிடிக்கவும் கூடும். படிவு சேரும்போது வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது. அதனால்தான் செல் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் ஓட்டுவதற்கு மைனஸ் 20 டிகிரி வரை அனுமதித்தாலும், சார்ஜ் போடுவதற்கு 0 டிகிரியைக் கீழெல்லையாக வைக்கிறார்கள். நடைமுறையில் பேட்டரி 10 டிகிரிக்கு மேல் வந்த பிறகு போடுவதே நல்லது. “என்னோடது 2 ஆம்பியர் சின்ன சார்ஜர்தானே” என்பது முழுப் பாதுகாப்பு அல்ல. மெதுவாக ஏற்றினால் படிவு குறையும், சுழியத்துக்குக் கீழே அது நிற்காது. பேட்டரிக்குள் இருந்து செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்சுற்று தடுத்துவிடும் என்றும் இருந்துவிடாதீர்கள். குளிரில் சார்ஜை நிறுத்தும் வசதி விலை குறைந்த பி.எம்.எஸ். பலவற்றில் கிடையாது.

அந்த வசதி இருக்கும் பேட்டரியில் வேறொரு குழப்பம் உண்டு. குளிரில் சொருகியதும் சார்ஜரில் பச்சை விளக்கு எரியும். மின்னோட்டம் மிகக் குறைந்தால் பச்சை எரிவதுதான் சார்ஜரின் வழக்கம். நிறைந்ததாலும் குறையலாம், பி.எம்.எஸ். மறுத்ததாலும் குறையலாம். சொருகிய உடனே பச்சை வந்தால் கழற்றிவிட்டு, பேட்டரி சூடான பிறகு மறுபடி போடுங்கள்.

சரியான வழி எளிது. மாலையில் வந்ததும் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பகல் ஓட்டத்தின் சூடு இன்னும் இருந்தால் சார்ஜை உடனே போடலாம். இரவெல்லாம் வெளியே இருந்த பேட்டரி என்றால் உள்ளே வைத்து மூன்று, நான்கு மணி நேரம் விடுங்கள். மேல்மூடி முதலில் சூடாகும் என்பதால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர்ந்த பேட்டரி அறைக்குள் வந்ததும் வியர்க்கும். சொருகும் முனையில் ஈரம் இருக்கும்போது சார்ஜர் மாட்டக்கூடாது. அவசரப்பட்டுக் கணப்புப் பக்கத்திலோ வெந்நீர்ப் பை மேலோ வைப்பது கெடுதல்: ஒரு பக்கச் செல்கள் வெந்துபோகும், மறுபக்கம் குளிர்ந்தே இருக்கும். சார்ஜ் ஏறும் இடம் படுக்கைப் பக்கமாகவோ வெளியேறும் ஒரே வழியிலோ இருக்கக் கூடாது.

சார்ஜரே இல்லாமல் குளிரில் சார்ஜ் ஏறும் சந்தர்ப்பம் ஒன்றும் இந்த மலையில் உண்டு. கியர் இல்லாத ஹப் மோட்டார் உள்ள சில வண்டிகளில் பிரேக் பிடித்தால் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ஏறக்குறைய நானூறு மீட்டர் இறக்கம். வெளியே நின்ற வண்டியை அதிகாலையில் அந்த வழியாக இறக்கினால், குளிர்ந்த செல்லுக்கு வழியெல்லாம் சார்ஜ் போட்டதாகும். ரீஜென் என்ற இந்த வசதி செட்டிங்கில் இருந்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அணைத்து வையுங்கள், பிரேக் கட்டையால் இறங்குங்கள்.

பேட்டரி நிஜமாகவே பழுதா என்று பார்க்க, வீட்டுக்குள் முழுச் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் விட்டு மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 41.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் முதல் கட்டம் சரி. 40 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏதோ ஒரு செல் வரிசை பலவீனமாக இருக்கலாம். பிறகு வெயில் ஏறிய மதியத்தில் வழக்கமான பாதையிலேயே ஓட்டுங்கள். தூரம் திரும்பினால் குறை குளிருடையது. ஏப்ரல், மே வெயிலிலும் பழைய தூரம் வரவில்லை என்றால் செல்கள் கொள்ளளவை இழந்திருக்கின்றன. அப்போது பேட்டரியைப் பிரித்து ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டையும் பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோகலாம்.