ஒரு எஸ்டிஆர் எத்தனை டாலர்? ஐந்து நாணயக் கூடையை நீங்களே கணக்கிடும் முறை

இலங்கைக்குப் பன்னாட்டு நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஒப்புதல் தந்த கடனைச் செய்திகள் "சுமார் 300 கோடி டாலர்" என்றே எழுதின. ஒப்பந்தத்தில் இருந்த எண் வேறு: 228.6 கோடி எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சிறப்பு எடுப்பு உரிமையின் சுருக்கம். நிதியத்தின் கணக்குகள் எல்லாம் இந்த அலகில்தான் எழுதப்படுகின்றன. அதன் டாலர் மதிப்பு நாளுக்கு நாள் மாறும். அந்த மதிப்பை ஒரு விரிதாளில் பத்து நிமிடத்தில் நீங்களே கணக்கிடலாம். தேவைப்படுவது ஐந்து நிலையான எண்களும், அன்றைய நான்கு மாற்று விகிதங்களும்.

முதலில் கூடை என்றால் என்ன

1969-இல் எஸ்டிஆர் உருவானபோது ஒரு எஸ்டிஆருக்கு 0.888671 கிராம் தங்கம் என்று வரையறுத்தார்கள். அன்று அது சரியாக ஒரு டாலர். டாலருக்கும் தங்கத்துக்குமான கட்டு அறுந்த பிறகு, 1974-இல் 16 நாணயங்கள் கொண்ட கூடைக்கு மாறினார்கள். 1981-இல் அது ஐந்தாகவும், யூரோ வந்தபோது நான்காகவும் குறைந்தது. 2016 அக்டோபர் 1-இல் சீன யுவான் சேர்ந்ததிலிருந்து கூடையில் இருப்பவை அமெரிக்க டாலர், யூரோ, யுவான், யென், பவுண்டு.

மளிகைக் கடையில் கட்டி வைத்த ஒரு பொட்டலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இத்தனை கிலோ அரிசி, இத்தனை கிலோ பருப்பு என்று அளவு மாறாமல் இருக்கும். மாறுவது அன்றைய விலைதான். பொட்டலத்தின் மதிப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு பொருளின் அளவையும் அன்றைய விலையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். எஸ்டிஆரும் அப்படித்தான். ஒவ்வொரு எஸ்டிஆருக்குள்ளும் ஐந்து நாணயங்கள் குறிப்பிட்ட அளவில் இருக்கின்றன. 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள அளவுகள் இவை:

- அமெரிக்க டாலர்: 0.57813
- யூரோ: 0.37379
- சீன யுவான்: 1.0993
- ஜப்பானிய யென்: 13.452
- பிரிட்டிஷ் பவுண்டு: 0.080870

அடுத்த மறுஆய்வில் புதிய கூடை வரும்வரை இந்த எண்களில் ஓர் இலக்கம்கூட மாறாது.

படி 1: விகிதங்களைச் சரியான வடிவில் எடுங்கள்

நிதியம் எடுப்பது லண்டன் சந்தையில் நண்பகலில் நிலவும் விகிதம். இந்திய, இலங்கை நேரப்படி அது குளிர்காலத்தில் மாலை 5:30, லண்டனில் கோடைநேரம் நடப்பில் இருக்கும்போது மாலை 4:30. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள எண்ணே கணக்கில் வரும். வங்கிப் பலகையில் பயணிகளுக்காகப் போடும் விகிதத்தில் வங்கியின் லாபமும் கலந்திருக்கும் என்பதால் அது இங்கே உதவாது. லண்டன் சந்தை மூடியிருந்தால் நியூயார்க் விகிதம். இரண்டுமே மூடியிருந்தால் ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதம்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. யூரோவும் பவுண்டும் "ஒரு யூரோவுக்கு இத்தனை டாலர்" என்று எழுதப்படும். யென்னும் யுவானும் தலைகீழாக, "ஒரு டாலருக்கு இத்தனை யென்" என்று வரும். ஆகவே முதல் இரண்டையும் பெருக்க வேண்டும், மற்ற இரண்டையும் வகுக்க வேண்டும்.

படி 2: ஒவ்வொன்றையும் டாலராக்குங்கள்

பயிற்சிக்காக எளிய விகிதங்களை வைத்துக்கொள்வோம். இவை எந்த ஒரு நாளின் உண்மை விகிதமும் அல்ல: ஒரு யூரோ 1.08 டாலர், ஒரு பவுண்டு 1.27 டாலர், ஒரு டாலருக்கு 7.20 யுவான், ஒரு டாலருக்கு 150 யென்.

- டாலர்: 0.578130 (எப்போதும் இதேதான்)
- யூரோ: 0.37379 × 1.08 = 0.403693
- யுவான்: 1.0993 ÷ 7.20 = 0.152681
- யென்: 13.452 ÷ 150 = 0.089680
- பவுண்டு: 0.080870 × 1.27 = 0.102705

மொத்தம் 1.326889 டாலர்.

படி 3: முழுமையாக்குவதில் ஒரு சுற்று

பலர் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். நிதியத்தின் விதி இன்னும் ஒரு படி போகிறது. அது முதலில் வரையறுப்பது "ஒரு டாலர் எத்தனை எஸ்டிஆர்" என்பதை. மேலே வந்த மொத்தத்தின் தலைகீழை எடுத்து, ஆறு பொருளுள்ள இலக்கங்களுக்கு முழுமையாக்குவார்கள்: 1 ÷ 1.326889 = 0.753643. பிறகு அந்த முழுமையாக்கிய எண்ணையே மறுபடி தலைகீழாக்கி ஆறு இலக்கங்களுக்குக் கொண்டுவந்தால் 1.32689. இதுவே ஒரு எஸ்டிஆரின் டாலர் மதிப்பு. நிதியம் வெளியிடும் எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் கடைசி இலக்கத்தில் மட்டும் ஒன்று வித்தியாசம் வந்தால், இந்தச் சுற்றை விட்டுவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

விரிதாளில் B நெடுவரிசையில் அளவுகளையும் C-இல் விகிதங்களையும் மேலே தந்த வரிசையிலேயே இடுங்கள். டாலருக்கு விகிதம் 1.

```
D2  =B2*C2
D3  =B3*C3
D4  =B4/C4
D5  =B5/C5
D6  =B6*C6
D7  =SUM(D2:D6)
D8  =ROUND(1/D7,6)
D9  =ROUND(1/D8,5)
```

D8 என்பது ஒரு டாலரின் எஸ்டிஆர் மதிப்பு, D9 ஒரு எஸ்டிஆரின் டாலர் மதிப்பு. எஸ்டிஆர் ஒரு டாலருக்கு மேலும் பத்து டாலருக்குக் கீழும் இருக்கும்வரை இந்த 6, 5 என்ற தசம இடங்கள் ஆறு பொருளுள்ள இலக்கங்களையே தரும்.

நாணய மாற்றுத் தளங்களில் எஸ்டிஆரைத் தேடுகிறவர்கள் `XDR` என்ற குறியீட்டைப் பாருங்கள்.

எங்கே தவறு நடக்கிறது

அதிகம் பேர் வழுக்குவது சதவீதத்தில். நிதியம் 2022 கூடைக்கு எடைகளையும் அறிவித்தது: டாலர் 43.38, யூரோ 29.31, யுவான் 12.28, யென் 7.59, பவுண்டு 7.44 சதவீதம். இவை கண்ணில் பட்டதும், அளவுகளுக்குப் பதில் இவற்றையே விகிதத்தோடு பெருக்கி வகுத்துக் கூட்டிவிடுகிறார்கள். நம் பயிற்சி விகிதங்களில் அப்படிச் செய்தால் 0.8624 வரும். இந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. சதவீதம் என்பது பொட்டலத்தின் விலையில் அரிசிக்குப் போன பங்கு. அரிசி எத்தனை கிலோ என்பதை அது சொல்லாது.

சரி, அந்தச் சதவீதம் எதற்கு? புதிய கூடை கட்டும் நாளில் அளவுகளைத் தீர்மானிக்க மட்டும். ஒவ்வொரு நாட்டின் ஏற்றுமதிக்குப் பாதி மதிப்பு. அந்த நாணயம் மத்திய வங்கிகளின் கையிருப்பிலும் அந்நியச் செலாவணி வணிகத்திலும் பன்னாட்டு வங்கிக் கடன், கடன் பத்திரங்களிலும் எவ்வளவு புழங்குகிறது என்பதற்கு மறுபாதி. இப்படி எடை முடிவானதும், முந்தைய மூன்று மாத சராசரி விகிதத்தில் பங்குகள் அந்த எடைக்குப் பொருந்தும்படி ஐந்து அளவுகளைக் கணக்கிடுகிறார்கள். பிறகு பழைய கூடையின் கடைசி வேலைநாளில் பழையதும் புதியதும் ஒரே டாலர் மதிப்பு தரும்படி அளவுகளைச் சரிசெய்கிறார்கள். அதனால் கூடை மாறும் நாளில் எஸ்டிஆர் வைத்திருப்பவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

எடையும் அளவும் வேறு வேறு என்பதற்கு யென்னே நல்ல சாட்சி. 2016 கூடையில் அதன் எடை 8.33 சதவீதம், அளவு 11.900. 2022-இல் எடை 7.59-ஆக இறங்கியது, அளவோ 13.452-ஆக ஏறியது. இடையில் யென் மலிந்துவிட்டதால், குறைந்த பங்குக்கே அதிக யென் தேவைப்பட்டது.

கூடை கட்டிய மறுநாளிலிருந்தே உண்மைப் பங்குகள் நகரத் தொடங்கிவிடும். நம் பயிற்சிக் கணக்கில் யென்னின் 0.089680-ஐ மொத்தத்தால் வகுத்தால் 6.76 சதவீதம்தான் வருகிறது, யூரோவோ 30.42 சதவீதம். இந்த நடப்புப் பங்கு ஒரு பயனுள்ள எண். மற்றவை அசையாமல் யூரோ மட்டும் டாலருக்கு எதிராக 1 சதவீதம் ஏறினால், எஸ்டிஆர் சுமார் 0.30 சதவீதம் ஏறும் என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

யென்னை வகுப்பதற்குப் பதில் பெருக்கினால் 2017.8 என்று வந்து நிற்கும், உடனே பிடிபட்டுவிடும். ஆபத்தானது பிடிபடாத தவறு: பழைய கூடையின் அளவுகளை வைத்துக் கணக்கிடுவது. இணையத்தில் 2016 அளவுகள் (டாலர் 0.58252, யூரோ 0.38671, யுவான் 1.0174, யென் 11.900, பவுண்டு 0.085946) இன்னும் பல பக்கங்களில் கிடக்கின்றன. அதே பயிற்சி விகிதங்களோடு இவற்றைப் போட்டால் 1.32996 வரும். பார்த்தால் சரியான விடை போலவே இருக்கும். வித்தியாசம் கால் சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 228.6 கோடி எஸ்டிஆரில் அது சுமார் 70 லட்சம் டாலர். இதைத் தவிர்க்க எளிய சோதனை, டாலர் வரியைப் பார்ப்பது. அதில் மாற்று விகிதமே கலப்பதில்லை. அங்கே 0.57813 இல்லையென்றால் கையில் இருப்பது இந்தக் கூடை அல்ல.

ரூபாய்க்குக் கொண்டுவருதல்

ரூபாய் கூடையில் இல்லை. அதனால் எஸ்டிஆரை முதலில் டாலராக்கி, பிறகு டாலரை ரூபாயாக்க வேண்டும். நம் வீட்டுக்கே வரக்கூடிய ஒரு கணக்கைப் பார்ப்போம். பன்னாட்டு விமானப் பயணத்தில் பெட்டி தொலைந்தால், மான்ட்ரியல் உடன்படிக்கை விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர்.

1,519 × 1.32689 = 2,015.55 டாலர். டாலருக்கு 84 இந்திய ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 1,69,306 ரூபாய். இது உச்சவரம்புதான், அவ்வளவு இழப்பு நேர்ந்தது என்று காட்டினால் மட்டுமே அவ்வளவு கிடைக்கும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், உடன்படிக்கையின்படி மாற்றுக்கு எடுக்க வேண்டியது தீர்ப்பு நாளின் எஸ்டிஆர் மதிப்பு. பெட்டி தொலைந்த நாளின் மதிப்பை வைத்துப் போட்ட கணக்கு அங்கே செல்லாது. ஆகவே விரிதாளில் விகிதத்துக்குப் பக்கத்திலேயே தேதிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கிவையுங்கள். அந்தத் தேதி நிதியத்தின் விடுமுறை நாளாக இருந்தால் புதிய மதிப்பு வெளியாகாது; அதற்கு முந்தைய வேலைநாளின் மதிப்பைத் தேடுங்கள்.